கன்வல்யூஷன் தொகையீட்டில் எல்லைகள் தவறும்போது: அறிகுறியைப் பார்த்துப் பிழையைக் கண்டுபிடித்தல்

காட்பாடியில் மாலை வேளைகளில் பொறியியல் மாணவர்களுக்கு ‘சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ்’ பாடம் நடத்தி வருகிறேன். கன்வல்யூஷன் கணக்கில் மாணவர்கள் மதிப்பெண் இழப்பது பெரும்பாலும் தொகையிடத் தெரியாததால் அல்ல என்பதை இத்தனை ஆண்டுகளில் கண்டுகொண்டேன். (t − τ) என்ற கோவையைத் தொகையிடுவது பன்னிரண்டாம் வகுப்பு மாணவருக்கே கைவந்த வேலை. கால் இடறும் இடம் எல்லைகள்தாம். நகர்வு t மாறும்போது தொகையீட்டின் கீழ் எல்லையும் மேல் எல்லையும் எப்போது மாறுகின்றன, எதிலிருந்து எதற்கு மாறுகின்றன என்பதில் ஒரு சிறு கவனக்குறைவு நேர்ந்தால் விடை முழுவதும் கெட்டுவிடும். ஆயினும் கெட்ட விடை தன் பிழையைத் தானே காட்டிக் கொடுக்கும்; அதைப் படிக்கத் தெரிந்தால் போதும். எனவே ஒரே ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு, விடையில் தென்படும் அறிகுறியிலிருந்து பின்னோக்கிச் சென்று பிழை எந்த வரியில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் வழியை இங்கே எழுதுகிறேன்.

கணக்கும் சரியான விடையும்

x(t) என்பது t = 1 முதல் t = 4 வரை 1 என்ற உயரமுள்ள செவ்வகத் துடிப்பு. h(t) என்பது t = 0 முதல் t = 2 வரை h(t) = t என்று ஏறி, அங்கே சட்டென்று பூஜ்யத்துக்கு விழும் சாய்வுச் சார்பு. மற்ற இடங்களில் இரண்டும் பூஜ்யம். கண்டுபிடிக்க வேண்டியது இது:

```
y(t) = ∫ x(τ) h(t − τ) dτ
```

இதை மனத்தில் உருவகிக்க எங்கள் ஊரில் ஒரு வசதி உண்டு. காட்பாடியிலிருந்து வேலூர் கன்டோன்மென்ட் போகும் ரயில் பாலாற்றுப் பாலத்தைக் கடந்துதான் போகவேண்டும். x(τ) அந்தப் பாலம். அது τ அச்சில் 1 முதல் 4 வரை அசையாமல் கிடக்கிறது. h(t − τ) அந்த ரயில். அதன் நீளம் 2. ரயிலின் மூக்கு τ = t என்ற இடத்திலும் வால் τ = t − 2 என்ற இடத்திலும் இருக்கும். t கூடக்கூட ரயில் வலப்பக்கம் நகர்கிறது. ஒவ்வொரு t மதிப்புக்கும் ரயிலின் எந்தப் பகுதி பாலத்தின் மேல் நிற்கிறதோ அந்தப் பகுதியின் ‘சுமை’தான் y(t).

நான்கு நிகழ்வுகள் நடக்கின்றன. மூக்கு பாலத்தில் ஏறும்போது t = 1. வால் ஏறும்போது t − 2 = 1, அதாவது t = 3. மூக்கு பாலத்தை விட்டு இறங்கும்போது t = 4. வால் இறங்கும்போது t − 2 = 4, அதாவது t = 6. வேறு எந்தக் கணத்திலும் எல்லைகளின் தன்மை மாறுவதில்லை. ஆகவே விடை இப்படி வரும்:

```
t < 1     :  y = 0
1 ≤ t < 3 :  y = ∫[1 → t]   (t − τ) dτ = (t − 1)²/2
3 ≤ t < 4 :  y = ∫[t−2 → t] (t − τ) dτ = 2
4 ≤ t < 6 :  y = ∫[t−2 → 4] (t − τ) dτ = 2 − (t − 4)²/2
t ≥ 6     :  y = 0
```

இனி அறிகுறிகளுக்குச் செல்வோம்.

அறிகுறி: இரண்டு பகுதிகள் சந்திக்கும் இடத்தில் மதிப்புகள் ஒட்டவில்லை

அதிகம் காணப்படுவதும், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இந்த அறிகுறிதான். குடியாத்தத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி போன வாரம் நோட்டை நீட்டி, “சார், ரெண்டு பக்கமும் போட்டுப் பார்த்துட்டேன், நாலுல ஒட்டவே மாட்டேங்குது. நாலுக்கு அப்புறம் இருக்கற இன்டெக்ரலை மூணு தடவை போட்டுட்டேன்” என்றாள். அவள் மூன்று தடவை சரிபார்த்த அந்தத் தொகையீட்டில் ஒரு குற்றமும் இல்லை. பிழை அதற்கு முந்தைய பகுதியில் இருந்தது. அது ஏன் அப்படி என்று விளக்குவதற்கு முன்னால், மதிப்புகள் ஏன் ஒட்டியே ஆகவேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு சார்புகளின் உயரமும் அளவுக்கு உட்பட்டது. அகலமும் அளவுக்கு உட்பட்டது. t சற்றே நகர்ந்தால் பாலத்தின் மேல் இருக்கும் சுமையும் சற்றே மாறும். திடீரென்று அரை அலகோ ஓர் அலகோ தாவ வழியில்லை. h(t) தானே t = 2 இல் செங்குத்தாக விழுகிறது என்றாலும் y(t) விழாது. இரண்டில் ஒன்று இம்பல்ஸாக, அதாவது δ(t) ஆக இருந்தால் மட்டுமே விடையில் தாவல் வரலாம். நம் கணக்கில் அது இல்லை. ஆகவே t = 1, 3, 4, 6 என்ற நான்கு இடங்களிலும் இடப்பக்கச் சூத்திரமும் வலப்பக்கச் சூத்திரமும் ஒரே எண்ணைத் தரவேண்டும். சரியான விடையில் அவை முறையே 0, 2, 2, 0 என்று வருவதைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது அந்த மாணவியின் பிழைக்கு வருவோம். t = 3 இல் வால் பாலத்தில் ஏறிவிட்டது; அதன் பிறகு பாலத்தின் மேல் இருக்கும் பகுதி t − 2 இல்தான் தொடங்குகிறது. கீழ் எல்லை 1 என்பதிலிருந்து t − 2 என்பதற்கு மாறியிருக்க வேண்டும். அவள் அதை மாற்ற மறந்து, (t − 1)²/2 என்ற சூத்திரத்தையே t = 4 வரை இழுத்துக்கொண்டு போயிருந்தாள். மறந்த இடம் t = 3. ஆனால் t = 3 என்ற அந்தக் கணத்தில் t − 2 உம் 1 உம் ஒரே எண்தான் என்பதால் அங்கே எந்தத் தாவலும் தெரியாது; சூத்திரம் வழுவழுவென்று போய்க்கொண்டே இருக்கும். அடுத்த எல்லையான t = 4 இல்தான், இடப்பக்கம் 4.5 என்றும் வலப்பக்கம் 2 என்றும் வந்து குட்டு வெளிப்படும். வலிக்கும் இடம் ஒன்று, புண் இருக்கும் இடம் இன்னொன்று.

இதே போல t = 4 இல் மேல் எல்லையை t என்பதிலிருந்து 4 என்று மாற்ற மறந்தால், y = 2 என்ற தட்டையான கோடு t = 6 வரை நீண்டு, அங்கே 2 இலிருந்து 0 க்குச் செங்குத்தாக விழும். தாவல் தெரிவது 6 இல். மறந்தது 4 இல். எனவே ஒரே ஓர் இடத்தில் தாவல் இருந்தால், அந்த இடத்துக்கு இடப்பக்கமுள்ள பகுதியை எடுத்து, அந்தப் பகுதி தொடங்கும் கணத்தில் எந்த எல்லை மாறியிருக்க வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் விடை அங்கேயே கிடைக்கும்.

ஒரு பகுதியின் இரு முனைகளிலும் தாவல் இருந்தால் கதை வேறு. முதல் பகுதியில் கீழ் எல்லையை 1 என்று எழுதுவதற்குப் பதிலாக 0 என்று எழுதினால் விடை t²/2 என்று வரும். t = 1 இல் அது 0.5, அதற்கு முன் 0. t = 3 இல் அது 4.5, அதற்குப் பின் 2. இரு முனையும் ஒட்டவில்லை என்றால் அந்தப் பகுதியின் மாறாத எல்லையோ தொகையிடும் கோவையோ தவறு என்று பொருள். பாடநூல்களில் முதலில் வரும் எடுத்துக்காட்டுகளில் இரண்டு சார்புகளும் 0 இல் தொடங்குவதால், 0 → t என்று எழுதியே கை பழகிவிடுகிறது. இங்கே பாலம் 1 இல்தான் தொடங்குகிறது. 0 க்கும் 1 க்கும் இடையே ரயில் வெறும் மண்ணில் ஓடுகிறது, அது கணக்கில் சேராது.

அறிகுறி: எண்ணை மாற்றிக் கேட்டால் நடுப்பகுதி மட்டும் கெட்டுவிடுகிறது

மேலே செய்த கணக்கை மனப்பாடம் செய்தவர்களுக்கு வரும் சிக்கல் இது. தேர்வில் துடிப்பின் அகலத்தைக் குறைத்து, x(t) என்பது 1 முதல் 2 வரை மட்டும் என்று கொடுத்துவிட்டால், ‘முதலில் ஏற்றம், நடுவில் தட்டை, பிறகு இறக்கம்’ என்ற பழைய வடிவத்தையே மாணவர்கள் எழுதுகிறார்கள். நடுவில் y = 2 என்று எழுதிப் பார்த்தால் எந்த முனையிலும் ஒட்டாது.

காரணம் எளிது. பாலம் இப்போது ரயிலைவிடச் சிறியது. மூக்கு ஏறுவது t = 1 இல், மூக்கு இறங்குவது t = 2 இல்; வால் ஏறுவது t = 3 இல், இறங்குவது t = 4 இல். வால் ஏறுவதற்கு முன்னாலேயே மூக்கு இறங்கிவிடுகிறது. நிகழ்வுகளின் வரிசை மாறிவிட்டதால் நடுப்பகுதியில், அதாவது 2 முதல் 3 வரை, பாலம் முழுவதும் ரயிலால் மூடப்பட்டிருக்கிறது; எல்லைகள் 1 → 2 என்று இரண்டும் மாறாத எண்களாகிவிடுகின்றன. விடை:

```
1 ≤ t < 2 :  y = (t − 1)²/2
2 ≤ t < 3 :  y = ∫[1 → 2] (t − τ) dτ = t − 3/2
3 ≤ t < 4 :  y = ∫[t−2 → 2] (t − τ) dτ = 2 − (t − 2)²/2
```

நடுப்பகுதி தட்டையாக இல்லாமல் நேர்கோட்டில் ஏறுகிறது. எல்லைகள் மாறாதபோதும் தொகையிடும் கோவைக்குள் t இருப்பதால் விடையில் t வருகிறது. ‘எல்லை இரண்டும் எண் என்றால் விடையும் எண்’ என்று எண்ணிக்கொள்வது இந்த இடத்தில் காலை வாரிவிடும்.

வரிசையை நினைவில் வைப்பதைவிட விதியை நினைவில் வைப்பது நல்லது. கீழ் எல்லை என்பது பாலத்தின் தொடக்கம், ரயிலின் வால் ஆகிய இரண்டில் பெரியது. மேல் எல்லை என்பது பாலத்தின் முடிவு, ரயிலின் மூக்கு ஆகிய இரண்டில் சிறியது. கீழ் எல்லை மேல் எல்லையைவிடப் பெரிதாகிவிட்டால் ஒன்றின் மேல் ஒன்று படியவில்லை என்று பொருள்; y = 0. முதல் கணக்குக்கு இதை எழுதினால்:

```
கீழ் எல்லை = max(1, t − 2)
மேல் எல்லை = min(4, t)
```

பகுதிகள் பிரியும் இடங்களை முன்கூட்டியே கண்டுபிடிக்க, ஒரு சார்பின் ஒவ்வொரு விளிம்பையும் மற்றதன் ஒவ்வொரு விளிம்போடு கூட்டிச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால் போதும். 1 + 0, 1 + 2, 4 + 0, 4 + 2 என்று கூட்டினால் 1, 3, 4, 6. தேர்வுத் தாளின் ஓரத்தில் முதலில் இந்த நான்கு எண்களை எழுதிவிட்டுப் பிறகு தொகையிடத் தொடங்குங்கள் என்பேன்.

அறிகுறி: எல்லாம் ஒட்டுகிறது, பரப்பும் சரி, ஆனால் விடைத்தாளில் தவறு என்று வருகிறது

எனக்கு மிகவும் பிடித்த பிழை இது, ஏனென்றால் வழக்கமான சோதனைகள் எல்லாவற்றையும் ஏமாற்றிவிடும். முதலில் பரப்புச் சோதனை என்னவென்று சொல்லிவிடுகிறேன். y(t) யின் மொத்தப் பரப்பு, x(t) யின் பரப்பையும் h(t) யின் பரப்பையும் பெருக்கி வருவதற்குச் சமம். நம் கணக்கில் 3 × 2 = 6. சரியான விடையின் மூன்று பகுதிகளின் பரப்பு 4/3, 2, 8/3, கூட்டினால் 6. இது நல்ல சோதனைதான்.

ஆனால் சாய்வுச் சார்பைத் திருப்பாமல் அப்படியே நகர்த்தினால் என்ன ஆகும்? h(t − τ) இல் τ க்கு முன் உள்ள கழித்தல் குறி அதை இடவலமாகத் திருப்பிப் போடுகிறது. திருப்பிய பிறகு மூக்கில், அதாவது τ = t இல், உயரம் 0; வாலில், அதாவது τ = t − 2 இல், உயரம் 2. ரயில் என்றால் என்ஜின் பக்கம் காலியாகவும் கார்டு பெட்டிப் பக்கம் சுமையாகவும் இருக்கிறது. படம் வரையும் அவசரத்தில் மாணவர் செங்குத்து விளிம்பை மூக்கிலேயே விட்டுவிட்டுத் தொகையிட்டால், கோவை (τ − t + 2) என்று ஆகி, விடை முதல் பகுதியில் 2 − (3 − t)²/2 என்று வரும். t = 1 இல் இது 0, t = 3 இல் 2. ஒட்டுகிறது. நடுவில் 2. மொத்தப் பரப்பும் 6 தான், ஏனென்றால் திருப்பினாலும் திருப்பாவிட்டாலும் சாய்வுச் சார்பின் பரப்பு 2 தானே. எல்லைகள்கூடச் சரியாகவே இருக்கும். தவறு வளைவின் முதுகில் இருக்கிறது.

வெளியே தெரியும் அறிகுறி இதுதான்: சரியான விடை t = 1 இல் தரையோடு தரையாக மெல்லக் கிளம்பி, போகப்போகச் செங்குத்தாகி, t = 3 இல் முறிவோடு தட்டையில் சேரும். தவறான விடை t = 1 இல் சட்டென்று செங்குத்தாகக் கிளம்பி, போகப்போகத் தளர்ந்து, t = 3 இல் வழுக்கிக்கொண்டு சேரும். இறங்கும் பக்கமும் அப்படியே: சரியான விடை t = 4 இல் மெல்லக் குனிந்து t = 6 இல் முறிவோடு தரையைத் தொடும்; தவறான விடை t = 4 இல் முறிந்து t = 6 இல் மெல்லப் படியும்.

கண்ணால் பார்ப்பதோடு விடாமல் எண்ணாலும் உறுதி செய்யலாம். இரண்டில் ஒன்று உயரம் 1 உள்ள செவ்வகத் துடிப்பு என்றால், விடையின் வகைக்கெழுவுக்கு ஓர் அழகான வடிவம் உண்டு:

```
y′(t) = h(t − 1) − h(t − 4)
```

துடிப்பு ஏறும் இடத்தில் h கூடுகிறது, இறங்கும் இடத்தில் கழிகிறது, அவ்வளவுதான். ஆகவே 1 முதல் 3 வரை சாய்வு விகிதம் (t − 1) என்று 0 இலிருந்து 2 க்கு ஏறவேண்டும். தவறான விடையின் வகைக்கெழு (3 − t). அது 2 இல் தொடங்கி 0 க்கு இறங்குகிறது. இந்த ஒரு சோதனை, தொடர்ச்சியும் பரப்பும் கோட்டைவிட்ட பிழையைப் பிடித்துவிடும்.

அதற்கும் நேரம் இல்லையென்றால் t = 2 என்று ஒரே ஓர் எண்ணைப் போட்டுப் படத்தில் பாருங்கள். மூக்கு 2 இல் நிற்கிறது. பாலத்தின் மேல் 1 முதல் 2 வரையுள்ள பகுதி. சரியாகத் திருப்பியிருந்தால் அதன் உயரம் τ = 1 இல் 1, τ = 2 இல் 0; முக்கோணப் பரப்பு 0.5. திருப்பாதிருந்தால் உயரம் 1 இலிருந்து 2 க்கு ஏறும். சரிவகப் பரப்பு 1.5. மும்மடங்கு வித்தியாசம் கண்ணில் படாமல் போகாது.

வகுப்பில் இதற்காக வரைதாளில் சாய்வுச் சார்பைக் கத்தரித்து வெட்டி, ஒரு முனையில் ‘மூக்கு’ என்று எழுதி, தாளைப் புரட்டிப் போட்டுவிட்டு நகர்த்தச் சொல்வேன். மே மாதத்தில் மின்விசிறியைப் போட்டால் தாள் பறக்கிறது, நிறுத்தினால் பிள்ளைகள் உருகிவிடுகிறார்கள். ஆகவே மேலே ஓர் அளவுகோலை வைத்து அழுத்திக்கொண்டுதான் நகர்த்துகிறோம். ஆனால் தாளைக் கையால் ஒருமுறை புரட்டியவர் திருப்ப மறப்பதில்லை.

அறிகுறி: தொடக்கம் சரி, உச்சம் மட்டும் அளவுக்கு மீறிப் போகிறது

கன்வல்யூஷனில் எதைத் திருப்பினாலும் விடை ஒன்றே. இந்தக் கணக்கில் சாய்வைத் திருப்பாமல் துடிப்பைத் திருப்புவது உண்மையில் சுலபம், ஏனென்றால் செவ்வகத்தைத் திருப்பினாலும் செவ்வகம்தான். தொகையிடும் கோவை வெறும் τ. x(t − τ) இருக்கும் இடம் t − 4 முதல் t − 1 வரை. h(τ) இருக்கும் இடம் 0 முதல் 2 வரை. ஆகவே முதல் பகுதி 0 → t − 1, நடுப்பகுதி 0 → 2, கடைசிப் பகுதி t − 4 → 2. விடைகள் மேலே வந்த அதே மூன்று சூத்திரங்கள்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், பாதியில் மனம் மாறும்போது. எல்லையை ஒரு முறையிலிருந்தும் கோவையை இன்னொரு முறையிலிருந்தும் எடுத்துவிடுவார்கள். 0 → t − 1 என்ற எல்லைகளுக்குள் (t − τ) ஐத் தொகையிட்டால் (t² − 1)/2 வரும். t = 1 இல் இது 0; ஆகவே தொடக்கத்தில் சந்தேகமே எழாது. t = 3 இல் இது 4. உச்சம் 2 ஆக இருக்கவேண்டிய இடத்தில் 4 வந்தால் உறுதியாகத் தவறு: துடிப்பின் உயரம் 1 என்பதால் y(t) எந்த இடத்திலும் சாய்வுச் சார்பின் முழுப் பரப்பான 2 ஐத் தாண்ட முடியாது. இந்த மேல்வரம்பை ஓரத்தில் குறித்து வைத்திருந்தால் கலப்படம் உடனே பிடிபடும். ஒரு வரியில் எல்லையிலும் கோவையிலும் t இரண்டு இடத்தில் வந்திருக்கிறதே என்று பார்த்து மட்டும் பயப்பட வேண்டாம். சாய்வைத் திருப்பிய முறையில் அது இயல்பு.

அறிகுறி: வடிவம், பரப்பு, தொடர்ச்சி எல்லாம் சரி, ஆனால் முழு வளைவும் தள்ளி நிற்கிறது

விடை 1 இல் தொடங்கி 6 இல் முடியவேண்டும். தொடக்கங்களைக் கூட்டினால் தொடக்கம், முடிவுகளைக் கூட்டினால் முடிவு. 0 இல் தொடங்கி 5 இல் முடிந்தால், துடிப்பைத் திருப்பியபோது அதன் மூக்கை t − 1 இல் வைக்காமல் t இல் வைத்துவிட்டீர்கள். திருப்பிய சார்பின் மூக்கு எப்போதும் t இல் இருக்கும் என்பது, அந்தச் சார்பு 0 இல் தொடங்கினால் மட்டுமே உண்மை. 1 ≤ t − τ ≤ 4 என்று எழுதி, அதை τ க்காகத் தீர்த்துவிட்டால் ஊகத்துக்கு இடமில்லை.

அறிகுறி: விடையில் τ மிஞ்சியிருக்கிறது, அல்லது எதிர்மறை மதிப்பு வருகிறது

விடையில் τ இருந்தால் ஏதோ ஓர் எல்லையைப் பிரதியிட விட்டுப்போயிருக்கிறது, இல்லையென்றால் கையெழுத்தில் t உம் τ உம் ஒன்றாகிவிட்டன. τ க்கு வாலைச் சற்று வளைத்து எழுதுங்கள். இதற்கு வேறு மருந்து எனக்குத் தெரியாது.

எதிர்மறை மதிப்பு சற்று வேறு. இரண்டு சார்புகளும் எங்குமே எதிர்மறை ஆகாதபோது விடையும் ஆக முடியாது. கீழ் எல்லையும் மேல் எல்லையும் இடம் மாறியிருக்கலாம். அல்லது சூத்திரத்தை அதற்குரிய இடைவெளிக்கு வெளியே பயன்படுத்தியிருக்கலாம். 2 − (t − 4)²/2 இல் t = 7 என்று போட்டால் −2.5 வரும். சூத்திரத்தின் மேல் பழி இல்லை. அது 4 முதல் 6 வரைதான் செல்லும். இதில் ஒரு விபரீதம் என்னவென்றால், முதல் பகுதியின் சூத்திரம் வெளியே போனாலும் எதிர்மறை ஆகாது: (t − 1)²/2 இல் t = 0 என்று போட்டால் 0.5 என்ற நல்ல பிள்ளை போன்ற எண் வரும். ஆகவே எதிர்மறை வரவில்லை என்பதால் இடைவெளி சரி என்று முடிவு கட்டக்கூடாது. ஒவ்வொரு சூத்திரத்துக்கும் பக்கத்தில் அதன் இடைவெளியை எழுதியே ஆகவேண்டும்.

அறிகுறி: கையால் 2 வருகிறது, கணினியில் 199 வருகிறது

விடையைக் கணினியில் சரிபார்க்கும் பழக்கம் நல்லதுதான், ஆனால் அதிலும் இரண்டு குழிகள் உள்ளன.

```python
import numpy as np
dt = 0.01
x = np.ones(300)
h = np.arange(200) * dt
y = np.convolve(x, h) * dt
t = 1 + np.arange(len(y)) * dt
print(y.max(), y.sum() * dt)
```

np.convolve வெறும் கூட்டலைத்தான் செய்கிறது; தொகையீட்டில் உள்ள dτ வின் இடத்தில் நாம்தான் dt யால் பெருக்க வேண்டும். அந்தப் பெருக்கலை விட்டால் உச்சம் சுமார் 199 என்று வரும். நூறு மடங்கு வித்தியாசம் தெரிந்தால் காரணம் அதுவே. அடுத்து, np.convolve க்கு நேரம் தெரியாது. அது முதல் எண்ணை வரிசை எண் 0 என்றே கொள்ளும். துடிப்பு 1 இல் தொடங்குகிறது என்பதை t வரிசையில் 1 + என்று நாமே சேர்க்காவிட்டால் வளைவு ஓர் அலகு இடப்பக்கம் தள்ளி வரையப்படும். கையால் போட்ட விடை சரியாக இருந்தும் அதைத் தவறென்று எண்ணி மாணவர்கள் திருத்திக் கெடுப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இவை இரண்டும் சரியாக இருந்தால் திரையில் ஏறத்தாழ 1.99, 5.97 என்ற எண்கள் வரும். 2, 6 என்று வராது. சாய்வுச் சார்பை ஒவ்வொரு சிறு துண்டின் இடது முனையில் அளந்திருப்பதால் ஒவ்வொரு துண்டிலும் சிறிது குறைகிறது. h வரிசையை (np.arange(200) + 0.5) * dt என்று மாற்றி, துண்டின் நடுவில் அளந்தால் 2, 6 என்றே வந்துவிடும். ஆகவே 1.99 க்காக எல்லைகளைத் தோண்ட வேண்டியதில்லை. dt ஐப் பாதியாக்கி, 300, 200 என்ற புள்ளி எண்ணிக்கைகளை இரட்டித்தால் குறையும் பாதியாகிறதா என்று பாருங்கள், ஆகிறதென்றால் அது அளவீட்டின் குறை. 2 க்குப் பதில் சுமார் 1.5 வந்து, இப்படி dt ஐ எவ்வளவு குறைத்தாலும் 1.5 அருகிலேயே நின்றால், முதலில் dt = 0.01 க்கு x க்கு 300 புள்ளிகள் கொடுத்தீர்களா 100 புள்ளிகள் கொடுத்தீர்களா என்று பாருங்கள், 1.5 என்பது துடிப்பு 1 முதல் 2 வரை மட்டும் இருக்கும் அந்த இரண்டாவது கணக்கின் உச்சம்.